இருநூற்று முப்பது ரவிக்கைகள்

பத்துப் பன்னிரண்டு வரியில் ஒரு நன்றிக் கடிதம் எழுத எனக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். கடிதம் என்று சொல்வதும் பழக்க தோஷந்தான். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி அது. ஆனாலும் முதலில் ஒரு காகிதத்தில் எழுதி, அடித்து, திருத்தி, பிறகுதான் அனுப்பினேன்.

சென்னையில் ஒரு தையல் கடையில் எனக்கு மேற்பார்வை உத்தியோகம். ரவிக்கை மட்டுமே தைக்கிற கடை. துணி வெட்ட ஒரு மாஸ்டர், மெஷினில் நாலு தையற்காரர்கள், ஹூக் வைத்துக் கையால் ஹெம்மிங் செய்ய ஓர் அக்கா, ரசீது எழுத ஒரு பெண்: இவ்வளவுதான் எங்கள் பட்டாளம். தீபாவளிக்கு முன்னால், "நாளைக்கு வாங்கம்மா" என்று உங்களைத் திருப்பி அனுப்பும் கூட்டம் இதுதான். உங்கள் கோபம் எங்களுக்குத் தெரியும்!

2025-ல் தீபாவளி அக்டோபர் 20. விஜயதசமி முடிந்த மறுநாள் அலமாரியை எண்ணிப் பார்த்தேன். 230 ரவிக்கைகள் பாக்கி. 15-ஆம் தேதிக்குள் அத்தனையும் முடிந்தாக வேண்டும். அதன் பிறகு வருவது அசல் நெரிசல்: போட்டுப் பார்த்துக் கை இறுக்கம் என்பவர்கள், கழுத்து இறக்கம் என்பவர்கள், மாப்பிள்ளை வீட்டார் நேற்றுத்தான் புடவை அனுப்பினார்கள் என்று ஓடி வருபவர்கள். அவர்களுக்கு மெஷின் காலியாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தால் கையில் இருந்தது பத்தே நாள்.

"இன்னொரு டெய்லரைப் பிடித்துப் போடட்டுமா, அம்மா?" என்றார் முதலாளி.

வேலை எங்கே தேங்குகிறது என்று தெரிய வேண்டுமானால், யார் முன்னால் மூட்டை குவிந்திருக்கிறது என்று பார்த்தால் போதும். எங்கள் கடையில் குவியல் மெஷின் பக்கம் இல்லை. அக்காவின் பாய்க்குப் பக்கத்தில் இருந்தது. தைத்து முடித்து, ஹூக்குக்காகக் காத்துக்கொண்டு 46 ரவிக்கைகள்! நாலு தையற்காரர்கள் ஆளுக்கு ஆறு வீதம் நாளைக்கு 24 தைக்கிறார்கள். மிச்சமிருந்த 184-ஐ எட்டு நாளில் முடித்து விடுவார்கள். அக்காவுக்கோ ஒரு ரவிக்கைக்கு முப்பத்தைந்து நிமிஷம் ஆகும். கழுத்து, கை, இடுப்பு மூன்றுக்கும் ஹெம்மிங். பிறகு ஆறு ஹூக். எதிர்ப் பட்டியில் நூலால் காஜா. கண்ணிமைக்காமல் உழைத்தாலும் நாளைக்கு 14. பத்து நாளில் 140. மீதி 90-க்கு என்ன வழி? ஐந்தாவது டெய்லர் வந்தால் அக்காவின் குவியல்தான் இன்னும் உயரும்.

தினசரி உடுத்தும் பருத்தி ரவிக்கைகளுக்கு ஹெம்மிங்கை மெஷினிலேயே போடலாம். வெளியே ஒரு தையல் கோடு தெரியும், உறுதியில் குறைவில்லை. பட்டுக்கு அது ஆகாது. ரசீதுப் பெண் ஒரு நாள் முழுவதும் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டிலும் சம்மதம் கேட்டாள். சிலர் மறுத்தார்கள், இரண்டு பேர் திட்டினார்கள், 80 ரவிக்கைகளுக்குச் சம்மதம் கிடைத்தது. அவற்றுக்கு அக்கா ஹூக் மட்டும் வைத்தால் போதும். பதினைந்து நிமிஷ வேலை. மிஞ்சிய நேரத்தில் 45 ரவிக்கைகள் அதிகமாக முடியும். மற்ற 45-ஐ, முன்பு எங்களிடம் வேலை பார்த்து, கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு நாளைக்கு ஐந்தாக அனுப்ப ஏற்பாடு செய்தோம்.

இங்கேதான் கூலிச் சங்கடம் வந்தது. அக்காவுக்கு முழு வேலைக்கு ரவிக்கை ஒன்றுக்கு 30 ரூபாய். ஹூக் மட்டும் என்றால் 10 என்பது கடை வழக்கம். நான் பென்சிலால் போட்டுப் பார்த்தேன். பழையபடியே இருந்தால் பத்து நாளில் அக்காவுக்கு 4,200 ரூபாய் கிடைக்கும். புதிய ஏற்பாட்டில் 105 முழு வேலை, 80 ஹூக் வேலை; சேர்த்தால் 3,950. அதாவது கடையைக் காப்பாற்றுகிற மனுஷிக்கு 250 ரூபாய் அபராதம்! முதலாளியிடம் காகிதத்தை நீட்டினேன்.

"ஹூக்குக்கு 20 போடுங்கள், சார்."

"வழக்கத்தை மாற்றினால் அடுத்த மாசமும் கேட்பாங்களே, அம்மா?"

"கேட்கட்டுமே. பருத்திக்கு மெஷின் ஹெம்மிங் வேண்டும் என்று நாமும் அடுத்த மாசம் கேட்கத்தானே போகிறோம்?"

அவர் கொஞ்ச நேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு ஒப்புக்கொண்டார். வேலை தொடங்குவதற்கு முன்பே இந்தப் பேச்சு முடிந்தது நல்லதாயிற்று. தீபாவளி முடிந்த பிறகு கேட்டிருந்தால் பதில் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

வீட்டுக்கு அனுப்பியதில் முதல் ஐந்து திரும்பி வந்தபோது அக்கா ஒன்றைக் கையில் எடுத்தார். ஹூக்குகளை மாட்டி, இரண்டு பக்கமும் மெல்ல இழுத்தார். நடுவில் மீன் வாய் திறப்பதுபோல் திறந்தது. ஹூக்கின் அடியில் உள்ள இரண்டு வளையங்களை மட்டும் தைத்திருந்தாள் அந்தப் பெண். வளைந்த மூக்குக்குக் கீழேயும் இரண்டு தையல் போட்டுப் பட்டியோடு பிடித்துக் கட்டாவிட்டால், மூக்கு தூக்கிக்கொண்டு விடும். (ரவிக்கை வாங்கப் போகும்போது நீங்களும் இப்படி இழுத்துப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.) அக்கா ஐந்தையும் பிரித்து எடுத்துக்கொண்டு அன்று மாலை அவள் வீட்டுக்கே போய்ச் சொல்லிக் கொடுத்து வந்தார்.

15-ஆம் தேதி இரவு எட்டு மணிக்குக் கடைசி ரவிக்கை இஸ்திரி ஆயிற்று. "எல்லோருக்கும் நன்றி, அருமையாக உழைத்தீர்கள்" என்று எழுதி அனுப்பியிருந்தால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஆனால் மெஷின்காரர்கள் தாங்கள்தான் முடித்தோம் என்று நினைத்திருப்பார்கள். அக்கா வழக்கம்போல் ஒன்றும் சொல்லாமல் பாயைச் சுருட்டியிருப்பார். ஆகவே இப்படி எழுதினேன்:

"230 ரவிக்கைகளும் முடிந்தன. மாஸ்டர் அவர்களுக்கு: முதல் நாளே லைனிங் துணி முழுவதையும் நனைத்து மாடியில் உலர்த்தி விட்டீர்கள். சுருங்காத லைனிங்குக்காக ஒருவரும் காத்திருக்க நேரவில்லை. தையற்காரத் தம்பிகளுக்கு: நூல் நிறம் பார்த்துக் கட்டுக் கட்டாகப் பிரித்துத் தைத்தீர்கள்; 80 ஹெம்மிங்கும் சேர்த்துச் செய்தீர்கள். ரசீதுத் தங்கைக்கு: திட்டு வாங்கினது நீ ஒருத்தி, அதன் பலன் எங்கள் எல்லோருக்கும். அக்காவுக்கு: 185 ரவிக்கைகள் உங்கள் கையால் முடிந்தன. மற்ற 45-உம் உங்கள் பாடத்தால் முடிந்தன. ஹூக் வேலைக்கு 20 ரூபாய் என்று முதலாளி ஒப்புக்கொண்டபடி உங்கள் கணக்கு 4,750. சனிக்கிழமை சம்பளத்தோடு வரும். இனிமேலும் ஹூக் வேலைக்கு அதே 20."

கடைசி வரியை முதலாளியிடம் காட்டிச் சம்மதம் வாங்கிய பிறகே அனுப்பினேன். அக்காவின் போனில் வாட்ஸ்அப் கிடையாது. காகிதத்தையே அவரிடம் கொடுத்தேன். விளக்கடியில் நின்று இரண்டு தரம் படித்தார்.

"அந்தக் கைக்குழந்தைக்காரி 45 தெச்சாளே, அவ பேரு இதுல இல்லையேம்மா?" என்றார்.

அந்தப் பெண் எங்கள் குழுவில் இல்லை. அன்றிரவே அவளைச் சேர்த்து, அவளுக்கென்று இரண்டு வரி எழுதி, அவள் கணக்கையும் அதிலேயே போட்டேன். அக்கா காகிதத்தை நாலாக மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் பத்து மணிக்கு முதல் அம்மாள் வந்து விட்டார். கை இறுக்கம். உள்ளே விட்டிருந்த மடிப்பில் ஒரு தையலைப் பிரித்தோம்; பத்தே நிமிஷத்தில் போட்டுப் பார்த்துவிட்டுப் போனார். போகும்போது, "உங்க கடையிலே கூட்டமே இல்லையே!" என்றார்.