இலைக் கணக்கு

அக்கா கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் கேட்டரிங் பில் வந்தது. பேசியபடி இலைக்கு 320 ரூபாய்தான். ஆனால் 542 இலை 610 ஆகியிருந்தது. "நல்ல காரியத்துல கணக்குப் பார்க்காதே" என்றார் அப்பா. நான் கடிதம் எழுதினேன்.

'அண்ணா, வணக்கம். சாப்பாடு அருமை. பந்திக்கு 100 பேர். ஐந்து பந்தி நிறைந்தது, ஆறாவதில் 42 பேர். உங்கள் சூப்பர்வைசரும் சித்தப்பாவும் எண்ணிக் கையெழுத்துப் போட்ட சீட்டின் போட்டோ அனுப்பியிருக்கிறேன். கூடுதல் 68 இலைக்கு 21,760 ரூபாயைக் கழித்துவிடுங்கள். பரிமாறும் கூலி 6,000 ரூபாயும் இலை விலையிலேயே அடக்கம் என்று எழுதியிருக்கிறோம். அப்பா போனில் கூடுதலாகச் சொன்ன ஐஸ்கிரீமுக்கு 4,500 ரூபாய் நியாயம், தந்துவிடுகிறோம்.'

மாலையே போன் வந்தது. அவருடைய ஆட்கள் சாப்பிட்ட இலையும், கிழிந்த இலையும் கணக்கில் சேர்ந்துவிட்டதாம். திருத்திய பில்லைப் பார்த்த அப்பா, "அந்தச் சீட்டைப் பத்திரமா வை" என்றார்.