இரண்டு சீட்டுகள்

சென்ற 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னிரவு, என் தங்கை மகன் தொலைபேசியில் அழைத்தான். வெளி மாவட்டத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் முதலாண்டு மாணவன். பதினெட்டு வயது நிரம்பியவன். "மாமா, உம்மாவிடம் சொல்லாதீர்கள்" என்பதே அவனுடைய முதற் சொல்.

மூத்த மாணவர் இருவர் அவனை விடுதி அறைக்குள் வைத்துத் தாழிட்டு, ஒரு மணி நேரம் இடைவாரினால் அடித்திருக்கின்றனர். வெளியே சொன்னால் மாடியிலிருந்து தள்ளிவிடுவதாக மறுநாட் காலை குரற்செய்தியும் அனுப்பினர்.

நான் போய்ச் சேருமுன்பே விடுதிக் காப்பாளர் அவனை அருகிலிருந்த தனியார் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருந்தார். அவர் பக்கத்தில் நிற்க, பையன் மருத்துவரிடம் "குளியலறையில் வழுக்கி விழுந்தேன்" என்று கூறிவிட்டான். சீட்டிலும் அவ்வாறே பதிவாயிற்று. அந்த ஒரு வரி எங்களுக்குப் பின்னர் அளித்த தொல்லை கொஞ்சமன்று.

என் நண்பரான வழக்கறிஞர், "முதலில் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள், நடந்ததை நடந்தபடியே சொல்லச் சொல்லுங்கள்" என்றார். அங்கே விபத்துப் பதிவேடு என்றொன்று உண்டு. அடித்தவர் எத்தனை பேர், தெரிந்தவர்களா, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எதனால் என்று பாதிக்கப்பட்டவன் சொல்வதை மருத்துவர் அதில் எழுதுவார். காயங்களை அளந்தும் குறிப்பார். காவல் நிலையத்திற்குத் தகவலும் அங்கிருந்தே சென்றுவிடும். அதற்குள் முதுகின் தடிப்புகள் கருநீலமாகியிருந்தன. இன்னும் சில நாட்கள் தாமதித்திருந்தால் அளப்பதற்கு என்ன மிஞ்சியிருக்கும்?

கல்லூரி முதல்வர் பண்பாகவே பேசினார். "எங்கள் குழு விசாரிக்கட்டும், காவல் நிலையம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார். அடித்தவர்களுள் ஒருவன் எங்கள் பக்கத்து ஊர்ப் பையன். ஆகவே ஜமாஅத் பெரியவர் ஒருவரும் பேசி முடித்துக்கொள்ளச் சொன்னார். தங்கையோ, "காக்கா, பிள்ளையின் படிப்புக் கெட்டுவிடாதா?" என்று அழுதாள். உண்மையைச் சொன்னால் என் மனமும் சற்றுத் தளர்ந்தது.

1996-இல் மருத்துவ மாணவர் பொன். நாவரசு கொலையுண்ட கொடுமைக்குப் பின், 1997-இல் தமிழ்நாட்டில் பகடிவதைத் தடைச் சட்டம் பிறந்தது. குற்றத்திற்கு இரண்டாண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் என்கிறது அது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிகள் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றன. செய்தி எட்டிய இருபத்துநான்கு மணி நேரத்திற்குள் நிறுவனத் தலைவரே காவல்துறையில் புகார் பதிவு செய்விக்க வேண்டும். அதேவேளை, காவல்துறையின் நடவடிக்கைக்குக் காத்திராமல் தம் விசாரணையையும் நடத்தி, ஏழு நாட்களுக்குள் முடித்தாக வேண்டும்.

இந்த விதியை நாங்கள் இரண்டு முறை காட்ட நேர்ந்தது. முதலில், விசாரணை முடியட்டும் என்றபோது. பின்பு நாங்களே புகார் கொடுத்ததும், "விஷயம் காவல்துறைக்குப் போய்விட்டதே, இனி நாங்கள் தலையிடலாகாது" என்றபோது. ஒரே வாயில் இரு சாக்குகள்!

காவல் நிலையத்தில் பையன் எழுதிய முதற் புகார் "அடித்தார்கள், மிரட்டினார்கள்" என்று இரண்டே வரியில் இருந்தது. வழக்கறிஞர் அதைத் திருப்பித் தந்தார். சாதாரண அடியை மட்டும் சொன்னால், நடுவரின் ஆணையின்றிக் காவலர் புலனாய்வு செய்ய இயலாது. மனு ரசீது ஒன்றைத் தந்து அனுப்பிவிடுவர். தாழிட்டு அடைத்து வைத்ததோ நேரடியாக வழக்குப் பதிவதற்குரிய குற்றம். அது சேர்ந்தால் மற்றவையும் அவ்வழக்கிலேயே அடங்கும். இல்லாததைச் சேர்க்கவில்லை, நடந்ததில் பாதியை விட்டிருந்தான், அவ்வளவே. அறை எண், நேரம், இடைவார், குரற்செய்தி என வரிசையாக எழுதினான். குரற்செய்தியை வேறு கருவிக்கு அனுப்பியதோடு நில்லாது, வந்த கைப்பேசியையே அழியாமல் வைத்துக்கொண்டோம்.

அப்போதும் நிலைய எழுத்தர் நீட்டியது மனு ரசீதுதான். அது முதல் தகவல் அறிக்கை ஆகாது. பதிவு செய்ய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்பச் சட்டம் இடமளிக்கிறது என்று பணிவாகக் கூறினோம். மாலையில் அறிக்கை பதிவாயிற்று. அதன் நகலைக் கட்டணமின்றித் தந்தனர். நகலொன்றைக் கடிதத்துடன் இணைத்து முதல்வரிடம் கொடுத்து, தேதியிட்ட முத்திரையும் பெற்றோம்.

ஆறாம் நாள் குழு கூடியது. இருவரும் விடுதியிலிருந்து நீக்கப்பட்டு, வகுப்பிலிருந்தும் இடைநீக்கம் செய்யப்பட்டனர். நீதிமன்ற வழக்கு இன்னும் நடைபெறுகிறது. அப்பையனின் தாயார் ஒருமுறை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். தங்கை உள்ளே அழைத்து உட்காரவைத்தாள். வழக்கைப் பற்றி இருவரும் பேசவில்லை.

சாட்சியம் சொல்லும் நாள் நெருங்குகையில் மருமகன் கேட்டான்: "மாமா, வழுக்கி விழுந்தேன் என்ற அந்த முதல் சீட்டைக் காட்டிக் கேட்டால்?"

"பொய் சொன்னேன் என்று சொல். அப்போது யார் பக்கத்தில் நின்றார் என்பதையும் சொல்" என்றேன்.