குடியிருந்தவருக்கு எழுதிய கடிதம்

நாகமலை புதுக்கோட்டையில் வாடகை வீடுகள் கைமாறுவது பெரும்பாலும் மே மாதத்தில்தான். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் போய்விட வேண்டும், ஆடி பிறப்பதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டும் என்ற இரண்டு அவசரங்கள் அப்போது சேர்ந்துகொள்ளும். தேனி ரோட்டில் வெள்ளைச்சாமி நாடார் கல்லூரி, அதைத் தாண்டிக் காமராசர் பல்கலைக்கழகம் என்று இருப்பதால், படிக்கவும் படிப்பிக்கவும் வருகிறவர்கள் இந்த ஊருக்குக் குறைவில்லை. என் வீட்டு மாடியில் இருந்தவரும் ஒரு தனியார் பள்ளி ஆசிரியர். 2024 மே மாதம், கோயம்புத்தூரில் வேலை கிடைத்துப் புறப்படும் வேளையில் என்னிடம் வந்து, “சார், நான் எப்படி இருந்தேன்னு உங்க கையால ஒரு லெட்டர் எழுதித் தரணும். அங்க ஓனர் கேக்குறாரு” என்றார்.

நம் பக்கத்தில் இது அவ்வளவாகப் பழக்கமில்லை. வீடு கொடுப்பவர் புரோக்கரைக் கேட்பார், வேலை பார்க்கும் இடத்தைக் கேட்பார், ஆதார் நகலை வாங்கி வைத்துக்கொள்வார். மிச்சத்தையெல்லாம் அட்வான்ஸ் பார்த்துக்கொள்ளும் என்பதுதான் நம்பிக்கை. 2017-ஆம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால், குடியிருக்கும் வீட்டுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது அது. அந்த ‘வேறுவிதமாக’ என்ற வாசல் வழியாக ஐந்து மாதமும் பத்து மாதமும் இன்றும் உள்ளே வந்துகொண்டிருக்கின்றன. வருகிற ஆளைத் தெரியாது என்ற பயத்துக்குக் கொடுக்கும் விலை அது. ஆளைத் தெரிந்த ஒருவர் எழுதித் தந்தால் அந்தப் பயம் கொஞ்சமாவது இறங்க வேண்டும். அப்படி இறங்கும்படி எழுத என்ன வேண்டும் என்று யோசித்தேன்.

மாடிக்கு ஆள் வைக்கும்போது இப்படிப்பட்ட கடிதங்கள் சில எனக்கும் வந்திருக்கின்றன. “மிகவும் நல்ல குடும்பம், ஒழுக்கமானவர்கள், எந்தத் தொந்தரவும் இல்லை.” மூன்று வரி, ஒரு கையெழுத்து. எத்தனை வருஷம் இருந்தார்கள், வாடகை என்ன, எந்தத் தேதியில் கொடுத்தார்கள் என்று ஒன்றும் இருக்காது. இதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. சொல்லப்போனால், காலி செய்தால் போதும் என்று காத்திருக்கும் வீட்டுக்காரர்தான் இப்படி மனம் நிறையப் புகழ்ந்து எழுதுவார். அவருக்கு அந்த ஆள் வேறு எங்காவது போக வேண்டும். அதனால் நான் இப்போதிருக்கும் வீட்டுக்காரரின் கடிதத்தை வாங்கிக்கொண்டாலும், அதற்கு முந்தின வீட்டுக்காரரிடம்தான் பேசுவேன். அவருக்கு ஆதாயமும் இல்லை, நஷ்டமும் இல்லை. இந்த ஆசிரியரை வைத்தபோதும் திருமங்கலத்தில் அவர் முன்பு இருந்த வீட்டுக்காரரிடம் பேசிவிட்டுத்தான் சாவி கொடுத்தேன்.

எழுத உட்காரும் முன் வாடகை நோட்டை எடுத்தேன். 2018 ஜூனில் குடிவந்தார். அப்போது வாடகை 6,500 ரூபாய், அடுத்த வருஷம் 7,000, படிப்படியாக ஏறிக் கடைசியில் 8,500. ஐந்தாம் தேதிக்குள் தருவது பேச்சு. ஆரம்பத்தில் கையில் கொடுத்தார், பிறகு ஜிபேயில் அனுப்பினார். பக்கம் பக்கமாக இரண்டு, மூன்று, நான்கு என்று தேதிகள் ஒழுங்காக ஓடுகின்றன. ஒரே ஓர் இடத்தில் ஒழுங்கு மாறுகிறது. 2020 ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் 3,500 என்று பாதிப் பாதியாக விழுந்திருக்கிறது. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்த நேரம், சம்பளம் முழுசாக வரவில்லை. மார்ச் கடைசியிலேயே மாடியிலிருந்து இறங்கி வந்து, “சார், இந்த மாசத்துல இருந்து பாதிதான் முடியும். மிச்சத்தை எழுதி வச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டார். ஜூலையிலிருந்து வாடகையோடு 1,500 சேர்த்துச் சேர்த்துத் தந்து, ஏழாவது மாதம், 2021 ஜனவரியில், பாக்கி 10,500-ஐயும் அடைத்துவிட்டார். நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

இதைக் கடிதத்தில் எழுதப்போகிறேன் என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. “அது வேணுமா சார்? பாக்கி வச்சவன்னு நினைச்சுக்குவாங்களே.” அவர் கவலை நியாயமானது. ஆனால் என் மனதில், அவர் நம்பத் தகுந்தவர் என்பதற்கு என்னிடம் உள்ள ஆகப் பெரிய சாட்சியே அந்த மூன்று மாதம்தான். சம்பளம் ஒழுங்காக வரும் காலத்தில் வாடகை ஒழுங்காக வருவது சம்பளத்தின் குணம். பணம் இல்லாதபோது முன்கூட்டி வந்து சொல்வதும், சொன்ன கணக்கை மாதம் தவறாமல் தீர்ப்பதும் ஆளின் குணம். புது வீட்டுக்காரர் தெரிந்துகொள்ள விரும்புவதும் இதுதான். பேசி முடித்தபின் சம்மதித்தார். ஏன் பாக்கி விழுந்தது என்பதை மட்டும் எழுத வேண்டாம் என்று இருவரும் வைத்துக்கொண்டோம். சம்பள விவரம், வீட்டில் யாருக்கு உடம்புக்கு என்ன, சொந்தபந்தம் யார் என்பதெல்லாம் நாம் ஒரே வாசலில் போகவர இருந்ததால் தெரிந்துகொண்டவை. அவற்றைக் காகிதத்தில் ஏற்றி இன்னொருவர் கையில் கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

பெயரை விட்டுவிட்டு, கடிதத்தை அப்படியே தருகிறேன்:

“இவர் மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் 2018 ஜூன் முதல் இன்றுவரை என் வீட்டு மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறார். இப்போதைய வாடகை 8,500 ரூபாய், அட்வான்ஸ் 40,000 ரூபாய். வாடகையை மாதந்தோறும் 5-ஆம் தேதிக்குள் செலுத்தி வந்தார். 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை முன்கூட்டியே தெரிவித்துப் பாதி வாடகை செலுத்தினார். அந்தப் பாக்கியைத் தாமே தவணை சொல்லி 2021 ஜனவரிக்குள் முழுவதும் தீர்த்தார். இன்றைய தேதியில் வாடகைப் பாக்கி இல்லை. அக்கம்பக்கத்திலிருந்து இவர்களைப் பற்றி என்னிடம் புகார் வந்ததில்லை. குழாய், சுவர், மின்சாரம் எதில் பழுது வந்தாலும் அன்றே தெரிவிப்பார். நான் காலி செய்யச் சொல்லவில்லை. வேலை மாற்றத்தால் தாமே இரண்டு மாதம் முன்பு அறிவித்துக் காலி செய்கிறார். இவர் திரும்பி வந்து கேட்டால் என் வீட்டை மறுபடி கொடுப்பேன். வீட்டை ஒப்படைக்கும் நாளில் பார்க்க வேண்டிய கணக்கு இதில் அடங்காது. இது நான் அறிந்ததைச் சொல்லும் கடிதம், ஜாமீன் அல்ல.”

கீழே தேதி, கையெழுத்து, முகவரி, என் போன் நம்பர். நம்பர் இல்லாத கடிதத்தை நான் நம்பமாட்டேன், அதனால் என் கடிதத்திலும் அது இருக்க வேண்டும். மறுபடி கொடுப்பேன் என்ற வரியை யோசித்துத்தான் சேர்த்தேன். மற்ற வரிகள் நடந்ததைச் சொல்கின்றன, இது ஒன்றுதான் என் தீர்ப்பு. அந்த வரியை எழுதக் கை வராத ஆளுக்கு, தேதிகளையும் தொகையையும் மட்டும் எழுதிக் கொடுத்துவிடலாம். அதில் பொய்யும் இல்லை, பழியும் இல்லை.

ஒப்படைக்கும் நாள் பற்றிய வரிக்கும் காரணம் உண்டு. புது வீடு பிடிக்கக் கடிதம் முன்னாலேயே தேவைப்படுகிறது, வீட்டின் நிலையோ சாமான் இறங்கிய பிறகுதான் தெரியும். இந்தச் சிக்கல் ஜெர்மனியிலும் உண்டு. அங்கே வாடகைப் பாக்கி இல்லை என்று பழைய வீட்டுக்காரர் தரும் சான்றைப் பலரும் கேட்கிறார்கள். ஆனாலும் அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று, ஒப்பந்தத்தில் இல்லாதபோது, வீட்டுக்காரரைக் கட்டாயப்படுத்த முடியாது என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2009-இல் சொல்லிவிட்டது. வாங்கிய வாடகைக்கு ரசீது தரும் கடமை உண்டு, அவ்வளவுதான். பின்னால் ஏதாவது கணக்குத் தகராறு வந்தால் அந்தச் சான்றே வீட்டுக்காரருக்கு எதிராக நிற்கலாம் என்பது அவர்கள் கவலை. எனக்கு அந்தக் கட்டாயமும் இல்லை, கவலையும் இல்லை. தெரிந்ததை இன்றைய தேதிவரை என்று வரையறுத்து எழுதினால் போதும். மற்றதை ரசீது சொல்லட்டும்.

கடிதத்தை அவர் போட்டோ எடுத்து அனுப்பிய மறுநாளே கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தது. பேசியவர் பண்பானவர். “வாடகை கரெக்டா வந்துருமுங்களா? தண்ணி மோட்டாரைப் போட்டுட்டு மறந்துர மாட்டாங்களே?” எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அந்த 2020 விவரத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். நோட்டைப் பார்த்து மாதவாரியாக வாசித்தேன். கடைசியில் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, “அவங்க என்ன ஆளுங்க?” என்றார்.

இந்தக் கேள்விக்கு மதுரையிலும் பஞ்சமில்லை. இங்கே “நம்ம ஆளுகளா?” என்று வரும், “கவுச்சி புழங்குவாங்களா?” என்று சுற்றி வரும். கதவு நிலையில் சாய்ந்துகொண்டு சாதாரணமாகக் கேட்பார்கள். இந்தக் கேள்வியால் எத்தனையோ குடும்பங்கள், பையில் பணமும் கையில் வேலையும் இருந்தும், தெருத் தெருவாக அலைந்திருக்கின்றன. நான் சொன்னேன்: “அய்யா, ஆறு வருஷமா என் தலைக்கு மேல குடியிருந்தாங்க. அவங்க எப்படி நடந்துகிட்டாங்கங்கிறதுக்கு நான் பொறுப்பா பதில் சொல்வேன். மத்ததை நான் சொல்லமாட்டேன், நீங்களும் கேக்க வேண்டாம்.” கொஞ்ச நேரம் பேச்சில்லை. “சரிங்க” என்றார். வீட்டைக் கொடுத்தார். அட்வான்ஸில் ஒரு மாதத்தைக் குறைத்துக்கொண்டதாக ஆசிரியர் பிறகு சொன்னார்.

சாவி தந்த அன்று இருவருமாக மாடியைச் சுற்றிப் பார்த்தோம். குளியலறைத் தரையில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கறை. அது எங்கள் போர்வெல் தண்ணீரின் வேலை, அவர் மேல் எழுதக் கூடாது. ஆணி ஓட்டைகளும் வெளிறிய பெயிண்டும் ஆறு வருஷத் தேய்மானம். சமையலறைக் குழாய் ஒன்றின் கழுத்து உடைந்திருந்தது, பிள்ளை இழுத்ததில் என்று அவரே காட்டினார், 450 ரூபாய். மின்சாரக் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் வரும். அதற்காக அட்வான்ஸில் ஆயிரம் இரண்டாயிரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, பிறகு தருகிறேன் என்பார்கள். அந்தப் பிறகு பல இடங்களில் வருவதேயில்லை. அன்றைய மீட்டர் அளவை இருவரும் பார்த்து எழுதி, போன பில்லிலிருந்து ஆன யூனிட்டுக்குக் கணக்குப் போட்டால் 740 ரூபாய். ஆக 1,190 போக மீதி 38,810-ஐ அங்கேயே கொடுத்தேன். ரொக்கம் ஐயாயிரத்துக்கு மேல் என்பதால் ஒரு ரூபாய் ரெவென்யூ ஸ்டாம்ப் ஒட்டி அவர் ரசீதில் கையெழுத்துப் போட்டார். பிடித்தம் எதற்கு, எவ்வளவு என்று நானும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். முதல் கடிதத்தோடு இதையும் அந்த ஓனருக்குக் காட்டுங்கள் என்றேன். அவர் அடுத்த வீடு மாறும்போதும் இரண்டும் உதவும்.