வலது தோளில் முந்தானை

அண்ணன் ஷார்ஜாவுக்குப் போனபோது கிடாரை அலமாரிக்கு மேலே வைத்துவிட்டுப் போனான். பாளையங்கோட்டையில் எங்கள் பாடகர் குழுவில் கிடார் பையன்களின் கையில்தான் இருக்கும். பெண்பிள்ளைகள் இரண்டாம் வரிசையில் நின்று பாடுவோம். சினிமாவும் அதையேதான் காட்டியது. 1980இல் வந்த ‘மூடுபனி’யில் கிடாரை வைத்துப் பாடுகிறவர் பிரதாப் போத்தன், எதிரே கேட்கிறவர் ஷோபா. கேட்பதும் ஒரு வேலைதான் என்று வளர்ந்தவள் நான். முப்பத்தொரு வயதில் அந்தக் கிடாரை இறக்கித் தூசி துடைத்தபோது அம்மா கேட்டாள்: “ஏட்டி, அண்ணன் சாமான எதுக்கு நோண்டுத?”

வகுப்புக்குப் போக நேரமும் இல்லை, அதற்குக் காரணம் சொல்லும் தெம்பும் இல்லை. பிள்ளை தூங்கிய பிறகு, காதில் ஹெட்போன், மடியில் கிடார், எதிரே பழைய லேப்டாப். யூடியூபில் ஒருவர் நான்கு கார்டில் ஒரு பாட்டைச் சொல்லிக்கொடுத்தார்: சி, ஏ மைனர், எஃப், ஜி. சி எப்படிப் பிடிப்பது என்று விளக்கினார். எஃப் வந்ததும், “இது உங்களுக்கே தெரியும்” என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். எனக்குத் தெரியாது.

அதனால் வீடியோவின் வேகத்தைக் குறைத்தேன். பாதி வேகத்தில் வைத்தால் சுருதி மாறுவதில்லை, நீளம் மட்டும் இழுபடுகிறது. அதனால் காதுக்குப் பாதி வேகம் போதும். கால் வேகத்தில் ஒலி தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் குழைந்துவிடும், எந்தக் கம்பி எப்போது ஒலித்தது என்று பிரிக்க முடியாது. கண்ணுக்குக் கால் வேகமும் போதாது. அங்கே வீடியோவை நிறுத்திவிட்டு, `.` விசையைத் தட்டினால் ஒரு படம் முன்னே போகும், `,` தட்டினால் ஒரு படம் பின்னே வரும். விநாடிக்கு 30 படம் ஓடும் வீடியோவில், ஏ மைனரிலிருந்து எஃப்புக்குக் கை மாற ஐந்தாறு படங்கள்தான் ஆகின்றன. அந்த ஐந்தாறும் மங்கல். விரல்கள் வெறும் நிழல்களாக இருக்கும். விரல் இறங்கிய படத்தைத் தேடாமல், வலது கை கம்பிகளைத் தடவி முடித்ததற்கு அடுத்த படத்தைத் தேட வேண்டும் என்று புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது. அந்தப் படத்தில்தான் இடது கை அசையாமல் நிற்கும்.

அப்படி ஒரு படத்தில் அவருடைய கட்டைவிரலின் நுனியைப் பார்த்தேன். கழுத்துக்குப் பின்னாலிருந்து மேலே எட்டி வந்து, ஆறாவது கம்பியை, அதாவது தடித்த கம்பியை, முதல் ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டிருந்தது. சந்தேகம் தீர்ந்தது என்று சந்தோஷப்பட்டு நானும் முயன்றேன். என் கட்டைவிரல் கழுத்தின் விளிம்புவரைகூட வரவில்லை. ஆள்காட்டி விரலை ஆறு கம்பிகளின் மேலும் கிடத்திப் பிடிக்கும் முறையும் உண்டு. அதில் இரண்டு கம்பிகள் ‘தட் தட்’ என்று செத்த ஒலி தந்தன. மணிக்கட்டில் வலி ஏறியது. மாவாட்டவும் துணி பிழியவும் தெரிந்த கைக்கு இது மட்டும் ஏன் வரவில்லை என்று என்மேலேயே கோபப்பட்டேன். வீடியோவில் இருப்பது சரியான கை, என்னுடையது குறையுள்ள கை என்றே மூன்று வாரம் நம்பினேன்.

பிறகு வேறொரு வீடியோ கண்ணில் பட்டது. நடுவயதுப் பெண் ஒருவர், புடவையில், சமையலறை வெளிச்சத்தில் வாசிக்கிறார். அவர் இடதுகைக்காரர்போல் தெரிந்தார். இதை எப்படிப் பார்த்துப் படிப்பது என்று மூடப்போனேன். அப்போதுதான் முந்தானை வலது தோளில் கிடப்பது உறைத்தது. எங்கள் பக்கத்தில் யார் வலது தோளில் போடுகிறார்கள்? ஃபோனின் முன்பக்கக் கேமரா பிம்பத்தைத் திருப்பிவிட்டிருந்தது. அவர் வலதுகைக்காரர்தான். அப்படித் திரும்பியிருந்தது எனக்கு வசதியாகவே அமைந்தது. கண்ணாடியில் பார்ப்பதுபோல, அவருடைய கிடாரின் கழுத்து நீண்ட அதே பக்கம்தான் என்னுடையதும் நீண்டது. எந்த வீடியோவானாலும் முதலில் தடித்த கம்பி எங்கே இருக்கிறது என்று பார்த்து, அங்கிருந்து எண்ணினால் குழப்பம் வராது.

அவரும் எஃப்பை விளக்கவில்லை. படம் படமாக நகர்த்தினேன். ஃபோன் கேமராவில் அதிரும் கம்பி நேர்க்கோடாகத் தெரியாது, பாம்புபோல நெளிந்து தெரியும். கேமரா ஒரே நொடியில் முழுப் படத்தையும் எடுக்காமல் வரிவரியாக எடுப்பதால் வரும் கோளாறு அது. அந்தக் கோளாறுதான் எனக்கு விடை சொன்னது. கீழே நான்கு கம்பிகள் நெளிந்தன. மேலே தடித்த இரண்டும் நூல் பிடித்ததுபோல் நேராக நின்றன. அவர் அவற்றைத் தொடவே இல்லை.

விரல்களின் முதுகு மெல்லிய கம்பிகளை மறைத்ததால், முதல் கம்பி அழுத்தப்பட்டிருக்கிறதா, திறந்து கிடக்கிறதா என்று கண்ணால் தீர்மானிக்க முடியவில்லை. அழுத்தினால் அது எஃப். திறந்து விட்டால் எஃப் மேஜர் செவன், கொஞ்சம் ஏக்கமான வேறொரு கார்ட். இங்கே காதுதான் உதவியது. கீழ்நோக்கித் தடவும்போது மெல்லிய கம்பி கடைசியாக ஒலிக்கும். பாதி வேகத்தில் அந்தக் கடைசி ஒலியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டு, என் முதல் கம்பியைத் திறந்தும், முதல் ஃப்ரெட்டில் அழுத்தியும் ஒப்பிட்டேன். அழுத்தியதுதான் பொருந்தியது.

ஆக, ஆள்காட்டி விரலின் நுனி முதல் இரண்டு கம்பிகளிலும் முதல் ஃப்ரெட்டில் கிடக்கிறது. நடுவிரல் மூன்றாம் கம்பியில் இரண்டாம் ஃப்ரெட். மோதிர விரல் நான்காம் கம்பியில் மூன்றாம் ஃப்ரெட். நான்கு கம்பிகளில் எஃப், ஏ, சி, மறுபடி எஃப். கார்டுக்கு வேண்டிய மூன்று சுரங்களும் இருக்கின்றன. போனது அடியில் வரும் தடித்த ஒலி மட்டும். ஒவ்வொரு கம்பியாகத் தட்டிப் பார்த்தேன், நான்கும் சுத்தமாக ஒலித்தன. அந்த ராத்திரி அழுதேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன்.

பின்னொரு நாள் எலிசபெத் காட்டனைப் பற்றிப் படித்தேன். அமெரிக்கக் கறுப்பினப் பெண். சிறுமியாக இருந்தபோது அண்ணனுடைய பாஞ்சோவை எடுத்து வாசித்துப் பழகியவர். இடதுகைக்காரர் என்பதால் வலதுகைக்காரர்களுக்கான கிடாரை, கம்பிகளை மாற்றாமல் அப்படியே திருப்பிப் பிடித்தார். அதனால் தடித்த கம்பிகளை விரல்களாலும் மெல்லியவற்றைக் கட்டைவிரலாலும் மீட்டினார். பல வருடம் வாசிக்காமலே இருந்தவர், சீகர் குடும்பத்தில் வீட்டுவேலை செய்தபோது சுவரில் தொங்கிய கிடாரை எடுத்து மறுபடி தொடங்கினார். முதல் இசைத்தட்டு 1958இல் வந்தது. அவருடைய கையைப் படம் படமாக நிறுத்தி நான் பார்த்தால், என் கிடாரில் எதையும் அப்படியே நகலெடுக்க முடியாது. கேட்டு, சுரங்களை எடுத்துக்கொண்டு, விரல்களை நானேதான் தேட வேண்டும்.

முதல் வீடியோவில் நான் செய்த தப்பு அதுதான். அவருடைய கட்டைவிரலை எஃப் என்று நினைத்துவிட்டேன். அது எஃப் அல்ல, அவருடைய கைக்கு எஃப் வந்த வழி.

பாடகர் குழுவில் ஒருநாள் வாசித்தபோது ஒரு தம்பி சொன்னான், “அக்கா, எஃப் முழுசாப் பிடிக்கலையே.” “கீழ எஃப்பு பேஸ் கிடார்ல வருதுல்லா, கேளுடே” என்றேன். கேட்டான். ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது அண்ணன் மகளுக்காக ஃபோனில் சின்னச் சின்ன வீடியோ எடுக்கிறேன். ஃபோனைப் பின்பக்கக் கேமராவில் வைக்கிறேன். ஒவ்வொரு கார்டிலும் கையை அசைக்காமல் கொஞ்ச நேரம் நிறுத்துகிறேன். எஃப் வரும்போது வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன்: “மேல ரெண்டு கம்பியையும் நான் தொடல, பாத்துக்கோ.”

கிடார் இப்போது அலமாரிக்கு மேலே இல்லை. அண்ணன் வீடியோ காலில் கேட்டான், “என் கிடார் எப்படி இருக்கு?” அம்மா முந்திக்கொண்டாள்: “ஒங் கிடாரா? அது அவளோடதுல்லா.”