அரைநாள் வாடகை

பட்டாவைத் தேடி அப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்தேன். பட்டா கிடைக்கவில்லை. தேங்காய்க் கணக்கு நோட்டுக்குள் நான்காய் மடித்த ஒரு ஆஸ்பத்திரி பில் கிடைத்தது. மடிப்பு விட்டுப்போய், அங்கங்கே பென்சில் கோடு. ஓரத்தில் அப்பாவின் கோணல் எழுத்து: ‘லாபக்காய் எவ்வளவு?’

எங்கள் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு அந்த வார்த்தையை விளக்க வேண்டியதில்லை. வியாபாரி காய் எண்ணும்போது நூற்றுக்கு இத்தனை என்று தனக்கு எடுத்து வைப்பதுதான் லாபக்காய். அது நியாயமா இல்லையா என்று கூமாப்பட்டி டீக்கடையில் பேச ஆரம்பித்தால் பொழுது சாய்ந்துவிடும். ஆனால் எத்தனை காய் என்பதை மரம் ஏறுவதற்கு முன்னால் பேசிவிடுவார்கள். ஏறி இறங்கிய பிறகு யாரும் சொல்ல மாட்டார்கள்.

2025 ஆவணியில் ஒரு திங்கட்கிழமை ராத்திரி அம்மாவை மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். என்ன வியாதி, என்ன வைத்தியம் என்பது அம்மாவின் சொந்தச் சமாச்சாரம். டாக்டர்கள் மீதும் நர்ஸ்கள் மீதும் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் தரைத்தளத்துக் கண்ணாடிக் கவுண்டரில்தான்.

கவுண்டரில் இருந்த பையன் ஊர்ப்பேரைக் கேட்டதும் நிமிர்ந்தான். “ரீல்ஸ்ல வந்துச்சே, அந்தக் கூமாப்பட்டியா சார்?” அந்த வருஷம் ஜூனில்தான் எங்கள் ஊர் இன்ஸ்டாகிராமில் ஓடு ஓடென்று ஓடியது. பிளவக்கல்லில் தண்ணீர் இருக்கிறதா, குளிக்க விடுவார்களா என்றெல்லாம் கேட்டான். அந்த நேரத்திலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்ததை ஒத்துக்கொள்கிறேன். பேசிக்கொண்டே “மூவாயிரத்துக்குள்ள ரூம் ஃபுல் சார், மூவாயிரத்து எழுநூறுல இருக்கு, போட்டுரவா?” என்றான். போடச் சொன்னேன். அட்வான்ஸ் இருபதாயிரம் கட்டினேன். மணி 10.40.

எங்கள் பாலிசி மூன்று லட்சத்துக்கு. அறை வாடகை நாளொன்றுக்கு அதில் ஒரு சதவீதம், அதாவது மூவாயிரம். எழுநூறுதானே கூடுதல், நாலு நாளைக்கு 2,800, போகட்டும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கில் இரண்டு ஓட்டை இருந்தது. நாலு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

முதல் ஓட்டை, ‘அறை வாடகை’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. பாலிசியில் அந்த மூவாயிரம், அறையும் சாப்பாடும் நர்சிங்கும் சேர்ந்த தொகை. மருத்துவமனையில் அறை 3,700 தனி, நர்சிங் 800 தனி. சேர்த்தால் 4,500. பையன் பொய் சொல்லவில்லை. அவன் அறையின் விலையைச் சொன்னான், நான் கேட்டிருக்க வேண்டியது நாளின் விலையை.

இரண்டாவது ஓட்டை பெரியது. தகுதிக்கு மேல் அறை எடுத்தால் வாடகை வித்தியாசத்தோடு விஷயம் முடிவதில்லை. பல மருத்துவமனைகளில் அறை உயர உயர டாக்டர் பார்க்க வரும் கட்டணமும் தியேட்டர் கட்டணமும் சேர்ந்து உயரும். அதே டாக்டர், அதே ஐந்து நிமிஷம். பொது வார்டில் ஒரு விலை, ஏசி அறையில் இன்னொரு விலை. பெரிய அறை எடுத்ததால் ஏறிய எல்லாவற்றையும் நான் ஏன் சுமக்க வேண்டும் என்று காப்பீட்டு நிறுவனம் கேட்கிறது. அதனால் தகுதி எவ்வளவோ அந்த விகிதத்தில் மற்றவற்றையும் குறைக்கிறது. எங்களுக்குத் தகுதி மூவாயிரம், எடுத்தது நாலாயிரத்து ஐந்நூறு. மூன்றில் இரண்டு பங்குதான் அவர்கள் தருவார்கள், ஒரு பங்கு எங்கள் தலையில்.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி: “அப்ப மாத்திரைக்குமா? மாத்திரை ரூமைப் பாத்தா விலை ஏறும்?”

எட்டாவதோடு நிறுத்திய மனுஷர். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-ல் சொன்னதும் அதுதான். மருந்து, ஊசி மாதிரி உபயோகப் பொருள்கள், உள்ளே பொருத்தும் சாதனங்கள், ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் இவற்றில் விகிதக் கழிவு கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவின் கட்டணத்திலும் கூடாது. அறைக்கு அறை கட்டணம் மாறாத மருத்துவமனை என்றால் அந்தக் கழிவே கூடாது. இதெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. மாத்திரை கேள்வி மட்டும் மண்டையில் தங்கிவிட்டது.

சாயங்காலங்களில் அப்பா ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருப்பார். பக்கத்துப் படிக்கட்டில் அழகாபுரிக்காரர் ஒருவர். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் மகளைச் சேர்த்திருந்தார். அந்தத் திட்டத்தில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் மொத்தமாக ஒரு தொகை. படுக்கை, மருந்து, பரிசோதனை, சாப்பாடு எல்லாம் அதற்குள். அறை விகிதம் என்ற பேச்சே எழாது. ஆனால் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000-க்குள் இருக்க வேண்டும். “நமக்குத் தோப்பு இருக்கே” என்று அப்பா சொன்னபோது அது பெருமையா வருத்தமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து “இன்னைக்கு வீட்டுக்குப் போலாம்மா” என்றார். மணி 9.35. கேஸ் ஷீட்டில் அதை எழுதி நேரமும் போட்டார். அம்மா உடனே சேலை மாற்றிக்கொண்டு கட்டிலின் நுனியில் உட்கார்ந்துவிட்டாள். வத்திராயிருப்பிலிருந்து சொல்லிவைத்த வாடகைக் கார் பத்து மணிக்கு வந்து வாசலில் நின்றது.

டாக்டர் சொன்ன பிறகு என்னென்ன நடக்கிறது என்று அன்றைக்கு மாடிக்கும் கீழுக்கும் நடந்தே பார்த்தேன். வார்டில் டிஸ்சார்ஜ் சம்மரி டைப் ஆக வேண்டும். இளம் டாக்டர் எழுதி, பெரிய டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் தியேட்டருக்குள் போய்விட்டார். மிச்ச மருந்து ஃபார்மசிக்குத் திரும்பிப் போய், அதற்கான பணம் பில்லில் கழிய வேண்டும். ஃபார்மசியில் இன்னும் நாலு வார்டின் கூடைகள் வரிசையில். லேபிலிருந்து பாக்கி இல்லை என்று வர வேண்டும். இவ்வளவும் சேர்ந்தால்தான் பில்லிங்கில் கடைசி பில். அதற்குப் பிறகுதான் இன்ஷூரன்ஸ் டெஸ்க் அதை நிறுவனத்துக்கு அனுப்பும்.

பில்லின் நகல் என் கைக்கு 1.40-க்கு வந்தது. அதில் கடைசி வரி: அரைநாள் வாடகையும் நர்சிங்கும், 2,250.

இங்கே நாள் என்பது பகல் பன்னிரண்டிலிருந்து பன்னிரண்டு. திங்கள் ராத்திரி 10.40-க்கு நுழைந்தோம், அன்றைக்கே முழுநாள் வாடகை விழுந்துவிட்டது. சில இடங்களில் நுழைந்த நேரத்திலிருந்து இருபத்துநாலு மணி நேரம். எந்த முறை என்று சேர்க்கும்போதே கேட்க வேண்டும், நான் கேட்கவில்லை. வெள்ளி பன்னிரண்டு மணியோடு நாலு நாள் முடிந்தது. பன்னிரண்டு தாண்டியதும் கம்ப்யூட்டர் தானாக அரைநாளைப் போட்டுவிட்டது.

“டாக்டர் அனுப்பினது ஒம்பதரைக்கு. தாமதம் உங்களோடது. வாடகை எங்களோடதா?” என்றேன். சிஸ்டம் போட்டது என்றார்கள். கேஸ் ஷீட்டில் நேரம் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள் என்றேன். மேலே போன் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த வரி காணாமல் போனது. குரல் உயர்த்தியிருந்தால் நடந்திருக்காது. டாக்டர் எழுதிய அந்த நேரம்தான் வேலை செய்தது.

பில் 2.10-க்கு நிறுவனத்துக்குப் போனது. 4.35-க்கு அனுமதி வந்தது. 2024 மே 29-ம் தேதி ஆணையம் போட்ட சுற்றறிக்கைப்படி, மருத்துவமனை கேட்ட மூன்று மணி நேரத்துக்குள் நிறுவனம் கடைசி அனுமதி தர வேண்டும். அதைத் தாண்டினால், அதனால் ஏறும் மருத்துவமனைக் கட்டணம் நிறுவனத்தின் பங்குதாரர் பணத்திலிருந்து போக வேண்டும். எங்கள் அனுமதிக்கு ஆனது இரண்டு மணி இருபத்தைந்து நிமிஷம். விதி அப்பழுக்கில்லாமல் நிறைவேறிவிட்டது. நாங்கள் மட்டும் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தோம். அந்தக் கடிகாரம் டாக்டர் வாயைத் திறந்ததும் ஓட ஆரம்பிப்பதில்லை, பில் போன பிறகுதான் ஓடுகிறது. அதற்கு முன்னால் கரைந்த நாலரை மணி நேரத்தை எந்தச் சுற்றறிக்கையிலும் நான் பார்க்கவில்லை.

அனுமதிக் கடிதத்தில் கழிவு 32,000 என்றிருந்தது.

மொத்தப் பில் 97,450. அதில் 1,450 என்ன என்று பார்த்தால் ஃபைல், அட்மிஷன் கிட், டிஸ்சார்ஜ் நடைமுறை. மூன்றுமே அறை வாடகைக்குள் அடங்க வேண்டியவை என்று ஆணையத்தின் பட்டியலில் இருக்கிறது, நிறுவனம் தராது. மருத்துவமனையும் தனியாக வாங்கக் கூடாதே என்று கேட்டேன். “எல்லாருக்கும் போடுறதுதான் சார்” என்ற பதில் வந்தது. அதோடு மல்லுக்கட்டத் தெம்பில்லை. மீதி 96,000. அறையும் நர்சிங்கும் 18,000; டாக்டரும் தியேட்டரும் 42,000; மருந்தும் உபயோகப் பொருளும் 24,300; பரிசோதனை 11,700. முப்பத்திரண்டாயிரம் எங்கிருந்து வந்தது என்று வராந்தாவில் உட்கார்ந்து வகுத்துப் பார்த்தேன். 96,000-ல் சரியாக மூன்றில் ஒரு பங்கு. மாத்திரையும் ஸ்கேனும் சேர்த்தே கத்தி போட்டிருந்தார்கள்.

அப்பா பில்லை வாங்கி, பென்சிலால் கடைசி இரண்டு தொகைக்கு அடியில் கோடு போட்டார். “இது ரெண்டுலயும் கழிக்கப்பிடாதுன்னேனே.”

அன்றைக்கே அதைத் தீர்க்க முடியவில்லை. மறுபடி அனுப்பினால் மறுபடி காத்திருப்பு, அம்மாவால் முடியாது. அட்வான்ஸ் போக 13,450 கட்டிவிட்டு, வரிவரியாகப் பிரித்த பில்லும், கழிவுக்குக் காரணம் எழுதிய கடிதமும் கேட்டு வாங்கிக்கொண்டேன். மொத்தத் தொகை மட்டும் போட்ட ரசீதை வைத்துக்கொண்டு ஒன்றும் பேச முடியாது. ஊருக்கு வந்து, பாலிசியின் விதியை எடுத்துப் படித்து, நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு ஒரு பக்கத்தில் எழுதினேன். கழிவு 60,000-க்கு மட்டும்தான் பொருந்தும், அது 20,000, மீதி 12,000-ஐத் திருப்பித் தரவும் என்று. ஒரு மாதம் கழித்து பணம் கணக்கில் ஏறியது. கடிதமோ மன்னிப்போ எதுவும் இல்லை, வெறும் குறுஞ்செய்தி.

நியாயமாக வந்த இருபதாயிரம் கழிவுக்கு யாரையும் குறை சொல்ல முடியாது. அது திங்கட்கிழமை ராத்திரி, ரீல்ஸ் பேச்சின் நடுவே, “போட்டுருங்க” என்று நான் சொன்ன ஒரு சொல்லின் விலை. வேறு மருத்துவமனை பார்த்திருக்கலாம், இரண்டு பேர் அறை கேட்டிருக்கலாம், நர்சிங்கோடு சேர்த்து மூவாயிரத்துக்குள் வரும் அறை காலியானதும் மாற்றச் சொல்லியிருக்கலாம். புதன்கிழமை ஒன்று காலியாகி இருந்ததாம். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட அறையாக இருந்திருந்தால், 2022 ஜூலையிலிருந்து ஐந்து சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்திருக்கும். அந்த மட்டுக்கும் தப்பித்தோம்.

ஆறு மணி பத்துக்கு கேட் பாஸ் கிடைத்தது. திருமங்கலம், கல்லுப்பட்டி தாண்டும்போது இருட்டிவிட்டது. கிருஷ்ணன்கோவிலில் வலதுபக்கம் திரும்பியதும் அம்மா கண்ணாடியை இறக்கச் சொன்னாள். மலைக்காற்று வந்தது. அவள் அந்த நாலு நாளில் பில்லைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “அந்த ரூம்ல ஜன்னலே தொறக்க முடியலடா” என்று மட்டும் சொன்னாள்.

வீட்டு வாசலில் டிரைவர் கணக்குச் சொன்னார். வண்டி வாடகை தனி, வெயிட்டிங் எண்ணூறு.

“எட்டு மணி நேரம் நின்னுருக்கீக, எண்ணூறு போதுமா?” என்றார் அப்பா.

“காலைல கெளம்பும்போதே மணிக்கு நூறுன்னு பேசினதுதானண்ணே.”

அப்பா எண்ணிக் கொடுத்தார். உள்ளே போய் விளக்கடியில் நோட்டை எடுத்து, வெட்டுக் கணக்குக்குக் கீழே தேதி போட்டு எழுதினார். இப்போது அந்தப் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ‘கார் வெயிட்டிங் 800 பைசல்.’ அதற்கு அடியில், ‘ஆஸ்பத்திரி அரைநாள் 2250 தள்ளியாச்சு. மாத்திரை பாக்கி.’ பாக்கி என்ற சொல்லின் மேல், பிற்பாடு வேறு மையில் ஒரு டிக்.

பட்டா இன்னும் கிடைக்கவில்லை.