வணக்கம், இது டியூஷன் நம்பர்

எங்கள் தெருவில் டியூஷன் எடுக்கும் அக்காவிடம் ஐந்தாவது முதல் பத்தாவது வரை முப்பத்திச் சொச்சம் பிள்ளைகள் படிக்கிறார்கள். மாடியில் தகரக் கொட்டகை, இரண்டு பெஞ்சு, ஒரு கரும்பலகை. அட்மிஷன், ஃபீஸ், லீவு என்று எல்லாமே அவர் போனில்தான் ஓடுகிறது. டியூஷனுக்கென்று தனி சிம் வாங்கி வாட்ஸ்அப் பிசினஸ் போட்டதும் என்னைக் கூப்பிட்டார். "கம்பெனிக்காரங்களுக்கெல்லாம் மெசேஜ் போட்டா உடனே தானா ஒண்ணு வருதுல்ல, அது மாதிரி நமக்கும் போட்டுக் குடு தம்பி."

அவரே ஒன்று எழுதியும் வைத்திருந்தார். 'தங்களின் தொடர்புக்கு மனமார்ந்த நன்றி' என்று ஆரம்பித்து, மையத்தின் சிறப்புகள், போன வருட ரிசல்ட், கீழே வரிசையாக: கட்டண விவரங்களுக்கு 1, நேர விவரங்களுக்கு 2, சேர்க்கைக்கு 3.

அந்த 1, 2, 3-ஐ முதலில் எடுக்க வேண்டியிருந்தது. இலவசமாகக் கிடைக்கும் வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில், வரவேற்புச் செய்தி ஒருமுறை போகும், அதோடு சரி. வங்கிகளும் கேஸ் ஏஜென்சிகளும் வைத்திருப்பது வேறு ஏற்பாடு, அதற்குப் பின்னால் தனியாக ஒரு நிரல் ஓடும். இங்கே ஒரு அம்மா '1' என்று அனுப்பினால் எதுவும் வராது. அவர் காத்திருப்பார். அக்கா எட்டரை மணிக்குப் போனை எடுத்தால், யாரோ '1' அனுப்பியிருப்பது மட்டும் தெரியும். எந்த வகுப்பு, யார் பிள்ளை, ஒன்றும் தெரியாது. மனுஷி பதில் சொல்லும் இடத்தில் மெஷின் மாதிரி நடித்தால் இரண்டு பக்கமும் நஷ்டம்.

அப்போ என்னதான் எழுதுவது? பழைய நம்பரில் வந்த முதல் மெசேஜ்களை உட்கார்ந்து படித்தோம். புதுசாகக் கேட்டு வந்தவர்கள் நாற்பது பேர் இருக்கும். பாதிப் பேருக்கு மேல் வெறும் 'ஹாய்' அல்லது 'வணக்கம் மேடம்', அதோடு நிறுத்திவிடுகிறார்கள். இந்தப் பக்கம் பதில் வந்த பிறகுதான் விஷயத்துக்கு வருகிறார்கள். மீதிப் பேர் ஃபீஸ் எவ்வளவு என்று கேட்கிறார்கள், பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து. சிலர் வாய்ஸ் மெசேஜ். எங்கள் மையத்தின் சிறப்பு என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. வந்த நேரத்தையும் பார்த்தேன்: முக்கால்வாசி சாயங்காலம் ஆறிலிருந்து எட்டுக்குள். வேலை விட்டு வந்த அம்மாக்கள் போனைக் கையில் எடுக்கும் நேரம். அக்கா சாக்பீஸைக் கையில் பிடித்திருக்கும் நேரமும் அதேதான்.

ஆக, அந்த மெசேஜுக்கு உள்ள வேலை இரண்டு. மனுஷர் எப்போது பதில் சொல்வார் என்று சொல்வது. 'ஹாய்' சொன்னவரை அடுத்த வரி எழுத வைப்பது. அதற்கு ஒரு கேள்வி போதும். அக்கா ஐந்து கேட்க நினைத்தார்: பெயர், பள்ளி, வகுப்பு, மீடியம், கடைசிப் பரீட்சை மார்க். நான் மார்க்கை மட்டும் பிடிவாதமாக எடுக்கச் சொன்னேன். நிறைய வீடுகளில் அம்மாவின் போனில் டைப் பண்ணுவது பிள்ளைதான். கணக்கில் பதினேழு வாங்கிய பையன், முகம் தெரியாத டீச்சருக்கு அதைத் தன் கையாலேயே அடித்து அனுப்பணும். அவன் மாடி ஏறி வரும்போதே தோற்றுப்போனவனாகத்தான் வருவான். "அதை நோட்டைப் பாத்தே கண்டுபிடிச்சுக்குவேன்" என்று அக்கா விட்டுவிட்டார். வகுப்பும் மீடியமும் மட்டும் தங்கின.

ஃபீஸ்தான் பெரிய சண்டை. எழுதிப் போட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பக்கத்துத் தெரு டியூஷன்காரருக்கு அனுப்புவார்கள் என்றார். எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. காசு எவ்வளவு என்று நேராகக் கேட்டவருக்கு, பிள்ளை எத்தனாவது என்று திருப்பிக் கேட்டால், நம்மை எடை போடுகிறார்கள் என்றுதான் படும். கையில் காசு குறைவாக இருப்பவர்தான் அதோடு பேச்சை நிறுத்திவிடுவார். உண்மையான காரணம் கொஞ்சம் கழித்து வந்தது. "ஏழெட்டு வீட்டுல பாதிதான் வாங்குறேன். தொகையை எழுதிட்டா, மத்தவங்க இவ்ளோ குடுக்குறாங்கன்னு அவங்களுக்குத் தெரிஞ்சு சங்கடப்படுவாங்க." கடைசியில் 'இத்தனையிலிருந்து இத்தனை வரை' என்று எழுத ஒத்துக்கொண்டார். கீழ்த்தொகையாக அந்தப் பாதி ஃபீஸையே வைத்தோம், அந்த வீடுகளும் கணக்குக்கு உள்ளேயே வந்துவிடும். 'சலுகை உண்டு' என்று ஒரு வரி சேர்க்கலாமா என்றேன். வேண்டாம் என்றார். கேட்க வைக்காமல் குறைக்கணுமாம்.

கடைசியில் நின்றது இது:

"வணக்கம், இது டியூஷன் நம்பர். இந்த மெசேஜ் தானா வருது. சாயங்காலம் 5லேருந்து 8.30 வரை கிளாஸ்ல இருப்பேன், முடிஞ்சதும் நானே பாத்து பதில் போடுறேன். ஃபீஸ் வகுப்பைப் பொறுத்து மாசம் 300லேருந்து 800 வரை. உங்க பிள்ளை எத்தனாவது படிக்கிறாங்க? தமிழ் மீடியமா, இங்கிலீஷ் மீடியமா? டைப் பண்ண வரலைன்னா வாய்ஸ்ல சொல்லுங்க."

அச்சில் இருக்கும் தமிழ் வேண்டாம் என்பதில் இரண்டு பேருக்கும் சண்டை இல்லை. எட்டரைக்கு அக்கா வாய்ஸில் பேசப்போவதும் இதே தமிழ்தான். நடுவில் குரல் மாறினால் வேறு யாரோ என்று நினைப்பார்கள். டியூஷன் என்ற சொல் முதல் வரியிலேயே இருப்பதற்கும் காரணம் உண்டு. போன் பூட்டியிருக்கும்போது நோட்டிஃபிகேஷனில் முதல் சில சொற்கள்தான் கண்ணில் படும். 'மனமார்ந்த நன்றி' என்று தொடங்கினால் ஏதோ விளம்பரம் என்று தள்ளிவிடுவார்கள்.

எழுதியதைவிட அமைப்பில்தான் ஆபத்து இருந்தது. Greeting message என்ற இடத்தில் போடும் இந்தச் செய்தி, புதியவர்களுக்கு மட்டும் போவதில்லை. 14 நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்துவிட்டு யார் மெசேஜ் போட்டாலும் போகும். ஒரு அம்மா மூன்று வாரம் கழித்து, பையனுக்கு டைபாய்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கு என்று எழுதுகிறார் என்று வையுங்கள். அந்த நொடியே அவருக்கு 'உங்க பிள்ளை எத்தனாவது படிக்கிறாங்க?' என்று போகும். இரண்டு வருஷமாக அதே மாடியில் படிக்கிற பிள்ளை. அக்கா பிறகு எவ்வளவு சொன்னாலும் அந்த வரி அங்கேயே கிடக்கும்.

இதற்கு ஒரு வழி, Recipients என்ற இடத்தில் Everyone not in address book என்பதைத் தேர்வு செய்வது. ஆனால் அது வேலை செய்ய, படிக்கிற பிள்ளைகள் வீட்டு நம்பர் எல்லாம் போனில் சேமித்திருக்கணும். அக்காவிடம் அவை ஒரு நீள நோட்டில் இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க அவர் வாசிக்க, நான் ஏற்றினேன். அம்மா நம்பர் தனி, அப்பா நம்பர் தனி, இரண்டு வீட்டில் பாட்டி நம்பர். பிள்ளை பெயரும் வகுப்பும் சேர்த்து. மெசேஜ் எழுதியது ஒரு மணி நேரம், இது நாலு மணி நேரம்.

சோதிப்பதிலும் ஒரு சின்ன இடைஞ்சல். ஒரு நம்பரிலிருந்து ஒருமுறை அனுப்பிப் பார்த்தால், அடுத்த 14 நாளைக்கு அந்த நம்பர் உதவாது. முதல் தடவை என் நம்பர், பிறகு தம்பி நம்பர், அப்புறம் எதிர்வீட்டு அண்ணன். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை, பிள்ளை எத்தனாவது என்று வந்ததும் சிரித்துக்கொண்டே மாடிக்கு ஏறி வந்தார்.

மூன்றாம் நாள் ஒரு 'ஹாய்' வந்தது, ஏழு மணிக்கு. தானாகச் செய்தி போனது. ஐந்து நிமிஷம் கழித்து ஒரு வாய்ஸ்: பேத்தி ஆறாவது, தமிழ் மீடியம், எட்டரை வரைக்கும் முழிச்சிருக்கேன் டீச்சர், மெதுவா பேசுங்க. அக்கா எட்டு முப்பத்தஞ்சுக்கு மெசேஜ் போடாமல் நேராகப் போன் பண்ணிப் பேசினார்.

மே மாசம் கிளாஸ் காலையில். ஏப்ரல் கடைசியில் அந்த '5லேருந்து 8.30' வரியை மாற்றணும் என்று கரும்பலகை ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறார்.