ஒரே தவணை

துபாயின் சோனாப்பூர் பகுதித் தொழிலாளர் குடியிருப்புகளில் பல அறைகளில் ஆளுக்குப் பேர் கிடையாது, ஊர்தான் பேர். "திருவாடானை வந்துட்டாரா?", "முதுகுளத்தூருக்கு நைட் ஷிப்டு" என்றுதான் பேச்சு ஓடும். அப்படி ஓர் அறையில் 'பரமக்குடி' என்று அழைக்கப்படும் எலக்ட்ரீஷியனின் கணக்கு நோட்டுதான் இந்தக் கட்டுரை. நாற்பது பக்க நோட்டு. முதல் பக்கத்தில் மகளின் பள்ளி அடையாள அட்டைக்கு எடுத்த படம் ஒட்டியிருக்கிறது. அதற்கு அடுத்த பக்கத்திலிருந்து எண்கள்.

சம்பளம் மாதம் 2,000 திர்ஹம். அதில் அடிப்படைச் சம்பளம் 1,100, மீதி படிகள். தங்குமிடமும் வேலைக்குப் போகும் பஸ்ஸும் கம்பெனியுடையவை. மெஸ்ஸுக்கு 350, போனுக்கு 75, சோப்பு, முடிவெட்டு, வெள்ளிக்கிழமை டீ என்று 125. ஆக 550 போனால் கையில் 1,450. ஓவர்டைம் சில மாதம் 200 வரும், சில மாதம் ஒன்றும் வராது. அதை அவர் சம்பளத்தோடு சேர்த்து எழுதுவதே இல்லை. நோட்டில் அதற்குத் தனிப் பக்கம். வராத மாதத்திலும் வீட்டுக்குப் போகும் தொகை குறையக் கூடாது என்றால் இது ஒன்றுதான் வழி.

நோட்டு தொடங்குவதற்கு முன் முதல் வருடம் எப்படிப் போனது என்பதை அவரே சொன்னார். சம்பளம் வந்த அன்று 500 அனுப்புவார். பத்து நாளில் ஊரிலிருந்து போன் வரும்: அப்பாவுக்கு மருந்து. இன்னொரு 300. பிறகு ஸ்கூல் வேன். பிறகு மச்சான் வீட்டுக் காதுகுத்து. மாதத்துக்கு நான்கு முறை எக்ஸ்சேஞ்சு கவுண்டரில் வரிசை. ஒவ்வொரு முறையும் 20 திர்ஹம் கட்டணம், அந்தக் கட்டணத்தின் மீது 5 சதவீத வாட் 1 திர்ஹம். அனுப்புவது 200 ஆனாலும் 1,300 ஆனாலும் அந்த 21 ஒன்றுதான். நான்கு முறைக்கு 84. ஒரே முறை அனுப்பினால் 63 மிச்சம். வருடத்துக்கு 756 திர்ஹம். திர்ஹம் 23 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 17,388 ரூபாய். ஊரில் அது ஒரு பிள்ளையின் வருடத்து வேன் கட்டணத்துக்குப் பக்கத்தில் வரும்.

ஆனால் கட்டணத்தைவிடப் பெரிய நஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. எல்லாப் பணமும் மனைவியின் சேமிப்புக் கணக்குக்கே போனது. அங்கே போய்ச் சேர்ந்த பணத்துக்குப் பெயர் கிடையாது. எது அரிசிக்கு, எது கடனுக்கு, எது சேமிப்பு என்று யாருக்கும் தெரியாது. யார் முதலில் கேட்கிறார்களோ அவர்களுக்கு அது. கல்யாணச் சீர் கேட்டவருக்கும் கிடைத்தது, ஊர்க் கோயில் வரிக்கும் கிடைத்தது. கடைசியில் நின்றது சேமிப்பு. அதற்காகக் கேட்க ஆளில்லையே. இதில் அந்தப் பெண்ணைக் குறை சொல்லவே முடியாது. மாமனார், நாத்தனார், அண்டை அயல் எல்லோருக்கும் வெளிநாட்டுப் பணம் வந்திருக்கிறது என்று தெரியும். அவர் ஒருவராக எத்தனை பேரிடம் 'இல்லை' சொல்ல முடியும்?

பரமக்குடி செய்த மாற்றம், தன் பெயரில் என்ஆர்இ கணக்கு ஒன்று திறந்தது. வெளிநாட்டில் வேலை செய்யும் இந்தியருக்கான ரூபாய்க் கணக்கு அது. வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை அதில் போடலாம், வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை, தேவையானால் பணத்தைத் திரும்ப வெளிநாட்டுக்கு எடுத்துப் போகவும் தடையில்லை. ஊரில் இருந்தபோது வைத்திருந்த பழைய பாஸ்புக் கணக்கை அப்படியே தொடர விதி இடம் தரவில்லை. அதை என்ஆர்ஓ கணக்காக மாற்றச் சொல்லி வங்கியில் எழுதிக் கொடுக்க வேண்டும். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். என்ஆர்ஓ கணக்கின் வட்டிக்கு வரி உண்டு, வங்கியே பிடித்துக்கொள்ளும். அதனால் ஊர் நிலத்தின் குத்தகை, வீட்டு வாடகை மாதிரி இந்தியாவில் வரும் பணத்துக்கு அது, சம்பளத்துக்கு என்ஆர்இ.

இப்போது மாதம் ஒரே தடவை 1,300 திர்ஹம், தன் என்ஆர்இ கணக்குக்கே. கட்டணம் போக 129 திர்ஹம் கையில் நிற்கிறது; லீவில் வரும்போது வாங்கும் சாமான்களுக்கு. 1,300 என்றால் 29,900 ரூபாய். வங்கியில் ஒரு நிலையான உத்தரவு கொடுத்து வைத்திருக்கிறார்: ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி 15,000 ரூபாய் மனைவி கணக்குக்கு. முதலில் 5ஆம் தேதி என்று போட்டிருந்தார். ஒரு மாதம் சம்பளம் நான்கு நாள் தாமதமாக வந்தது, கணக்கில் பணமில்லாமல் உத்தரவு நிறைவேறாமல் போய்விட்டது. அன்றைக்கு மனைவி பால்காரரிடம் தவணை சொல்ல வேண்டியதாயிற்று. அந்த ஒரு நாளை அவர் இன்னும் மறக்கவில்லை. தேதியைத் தள்ளினார், கணக்கில் ஒரு மாத வீட்டுச் செலவு எப்போதும் கிடக்கும்படியும் செய்தார்.

வீட்டுத் தொகையை அவர் ரூபாயில் நிர்ணயித்ததைக் கவனிக்க வேண்டும். திர்ஹம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்று கட்டிப் போடப்பட்ட நாணயம். டாலருக்கு எதிராக ரூபாய் இறங்கினால் திர்ஹம் தானாக ஏறும். 2013 தொடக்கத்தில் ஒரு திர்ஹம் 15 ரூபாயை ஒட்டி இருந்தது. அந்த ஆகஸ்டு இறுதியில் 18ஐத் தாண்டியது. சம்பளம் ஒரு காசு கூடாமலே ஊரில் விழும் தொகை ஐந்தில் ஒரு பங்கு கூடியது. 'மாசம் 700 திர்ஹம் வீட்டுக்கு' என்று வைத்திருப்பவருக்கு அந்த ஏற்றம் முழுவதும் செலவில் கரைந்துவிடும். '15,000 ரூபாய்' என்று வைத்திருப்பவருக்கு அது கணக்கில் தங்கும்.

ரேட்டுக்காகக் காத்திருப்பது வேறு விஷயம். "பரமக்குடி, இன்னும் பத்துப் பைசா ஏறும், பொறுங்க" என்று அறையில் ஒருவர் எப்போதும் சொல்வார். 1,300 திர்ஹத்துக்குப் பத்துப் பைசா என்றால் 130 ரூபாய். பரமக்குடியின் தலையில் 1,20,000 ரூபாய்க் கடன் இருந்தது. விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் ஊரில் வாங்கியது, இரண்டு ரூபாய் வட்டிக்கு. நூற்றுக்கு மாதம் இரண்டு, அதாவது மாதம் 2,400. பதினைந்து நாள் காத்திருந்தால் வட்டி மட்டும் 1,200 ஏறும், கிடைப்பது 130. அதற்குப் பதிலாக அவர் வேறொன்று பார்க்கிறார். இரண்டு மூன்று கவுண்டரில் ஒரே கேள்வி: "நான் 1,321 திர்ஹம் கையில் தந்தால் ஊரில் எத்தனை ரூபாய் விழும்?" கட்டணமே இல்லை என்கிற இடம் ரேட்டில் இருபது பைசா குறைத்திருந்தால் 260 ரூபாய் அங்கே போய்விடுகிறது, 11 திர்ஹத்துக்கும் மேல். போர்டில் இருக்கும் ரேட்டும் சரி, கட்டணமும் சரி, தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் புரியாது.

அந்தக் கடன்தான் முதல் வேலையாக இருந்திருக்க வேண்டும். முதல் வருடம் முழுக்க வட்டியை மட்டும் கட்டியிருக்கிறார்; 28,800 ரூபாய் போனது, அசல் அப்படியே நின்றது. அதே சமயம் பாதுகாப்புக்கு என்று கொஞ்சம் பணத்தை வங்கி டெபாசிட்டில் போடவும் நினைத்திருந்தார். வருடத்துக்கு 24 சதவீதம் கட்டிக்கொண்டு 7 சதவீத டெபாசிட் வைப்பது சேமிப்பு ஆகாது. ஆனால் அசலைச் சிறுகச் சிறுக அடைக்கலாம் என்றால் வட்டிக்காரர் வாங்கவில்லை. "மொத்தமாத் தாங்க" என்பது அவர் பதில். வட்டி வந்துகொண்டே இருப்பதில்தான் அவருக்கு லாபம்.

வழி சொன்னது மனைவி. ஒரு வெள்ளிக்கிழமை வீடியோ காலில் பரமக்குடி தன் நோட்டைக் கேமராவுக்கு நேரே பிடித்து, வந்தது இவ்வளவு, போனது இவ்வளவு என்று முதல் தடவையாக முழுவதும் காட்டினார். அதுவரை சம்பளத்தை 1,600 என்றே சொல்லி வைத்திருந்தார். மனைவி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "கழுத்துல கெடக்குறது பேங்குல கெடக்கட்டும்ங்க. அந்த ஆளு மாசாமாசம் வாசல்ல வந்து நிக்காம இருந்தாப் போதும்" என்றார். நாலு பவுன் சங்கிலி. அதை வங்கியில் அடகு வைத்து, 10 சதவீத வட்டியில் 1,20,000 எடுத்து வட்டிக்காரருக்கு மொத்தமாகக் கொடுத்து, எழுதிக் கொடுத்த பத்திரத்தைத் திரும்ப வாங்கினார்கள்.

நகைக் கடனில் இடையிடையே எவ்வளவு வேண்டுமானாலும் கட்டலாம். மாதம் 10,000 கட்டினார்கள். முதல் மாத வட்டி 1,000 போக 9,000 அசலில் குறைந்தது. அடுத்த மாதம் வட்டி 925தான். பன்னிரண்டாம் தவணை முடிந்தபோது பாக்கி ஏழாயிரத்துக்கும் சற்றுக் குறைவு. வட்டிக்காரரே மாதாமாதம் வாங்கியிருந்தாலும் பதினான்கு மாதமும் 18,000 ரூபாய்க்கு மேல் வட்டியும் ஆகியிருக்கும். இங்கே மொத்த வட்டி சுமார் 7,000. இந்த வழியில் ஆபத்தும் உண்டு. ஒரு வருடக் கெடுவை மறந்தால் நோட்டீஸ் வரும், அதையும் விட்டால் நகை ஏலத்துக்குப் போகும். அடகு ரசீதில் உள்ள தேதியை இருவருமே போனில் பதிந்து வைத்திருந்தார்கள்.

வீட்டுக்கு 15,000, கடனுக்கு 10,000 போக மாதம் 4,900 கணக்கில் நின்றது. அதை உடனே டெபாசிட்டாக மாற்றவில்லை. என்ஆர்இ டெபாசிட்டுக்குக் குறைந்தது ஒரு வருடம் வேண்டும். அதற்கு முன் உடைத்தால் வட்டியே கிடையாது. இரண்டு மாத வீட்டுச் செலவு, 30,000 ரூபாய், சேமிப்பிலேயே சேர்ந்த பிறகுதான் டெபாசிட்டைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தார். சீர், மொய் எல்லாம் இந்த 4,900 லிருந்துதான், இருவரும் பேசிய பிறகு.

இன்னொரு கணக்கையும் அவர் திருத்த வேண்டியிருந்தது. வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி. அமீரகச் சட்டப்படி முதல் ஐந்து வருடத்துக்கு, வருடத்துக்கு 21 நாள் சம்பளம். 2,000க்குக் கணக்குப் போட்டு, ஐந்து வருடத்தில் 7,000 திர்ஹம் என்று ஊரில் ஒரு மனைக்கு மனதுக்குள் அட்வான்ஸே கொடுத்துவிட்டார். ஆனால் அது அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும். 1,100ஐ முப்பதால் வகுத்து 21ஆல் பெருக்கினால் 770. ஐந்து வருடத்துக்கு 3,850. சம்பளமில்லா விடுப்பு நாட்களும் அதில் கழியும். வேலை ஒப்பந்தத்தில் 'அடிப்படை' என்ற வரியை விமானம் ஏறும் முன்பே பார்த்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். பேரம் பேச முடிகிற ஒரே நேரம் அதுதான்.

பதின்மூன்றாம் மாதம் சங்கிலி வீட்டுக்கு வந்தது. கடனிலிருந்து விடுபட்ட 10,000 ரூபாயை அடுத்த மாதமே தொடர் வைப்புக்கு மாற்றப்போவதாக அவர் சொன்னார். மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. 15,000 என்று பேசி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, வேன் கட்டணம் ஏறிவிட்டது, அப்பாவின் மாத்திரை இரண்டு கூடியிருக்கிறது என்று எழுதி வைத்திருந்த பட்டியலைப் படித்தார். 16,500 இல்லாமல் முடியாது. அவர் ஒவ்வொன்றாகக் கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டார். உத்தரவை 16,500 என்று மாற்றினார். தொடர் வைப்பு 8,500க்குத் தொடங்கியது.